0.6 மில்லி, ஜீரோ கவுண்ட், ஆனால் எஃப்.எஸ்.எச். நார்மல்: பயாப்சி தேவையா?

பெரம்பூர்வாசி | 8 ஜூன் 2024

கணவருக்கு 33, எனக்கு 29. கல்யாணமாகி நாலு வருஷம். மூணு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை விந்துப் பரிசோதனை எடுத்தோம். ரெண்டிலும் விந்தணு ஒண்ணுகூட இல்லை. ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். அளவு முதல் முறை 0.6 மில்லி, அடுத்த முறை 0.7. பி.எச். 6.5. ஃப்ரக்டோஸ் நெகட்டிவ். ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். 4.8, டெஸ்டோஸ்டிரோன் 480. விதைப்பை ஸ்கேனில் ரெண்டு விதையும் நார்மல் அளவு, இடது பக்கம் லேசான வேரிகோசீல், அதாவது விதைக்கு மேலே ரத்தக்குழாய் வீக்கம்.

அடுத்த வாரம் விதையில் பயாப்சி எடுத்து, அதோடு வேரிகோசீல் ஆபரேஷனும் முடித்துவிடலாம் என்கிறார்கள். பயாப்சிக்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? இதுதான் கேள்வி.

திருவான்மியூர்காரர் | 8 ஜூன், இரவு

ஃப்ரக்டோஸ் நெகட்டிவ், அளவு ஒரு மில்லிக்குக் கீழே, பி.எச். அமிலப் பக்கம். இது விந்து வெளியேறும் குழாயின் முனையில் அடைப்பு. மலக்குடல் வழியாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு அடைப்பைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். வெளியே வெட்டுத் தழும்பு இருக்காது. அதன் பிறகு இயற்கையாகவே குழந்தைக்கு முயற்சி செய்யலாம். பயாப்சி வேண்டாம் என்பது என் கருத்து.

கீழ்க்கட்டளை | 9 ஜூன்

எனக்கும் ஜீரோதான். எஃப்.எஸ்.எச். 32 வந்திருக்கு. அடைப்பை எடுத்தால் சரியாகும் என்றால் எனக்கும் அதைச் செய்ய முடியுமா? எனக்கு விந்து அளவு 2.4 மில்லி. ஃப்ரக்டோஸ் பாசிட்டிவ்.

ஆய்வகமேசை | 9 ஜூன்

இரண்டு ஜீரோவும் ஒன்றல்ல. முதலில் பெரம்பூர்வாசிக்கு.

விந்தின் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பைகள் என்ற இரண்டு சுரப்பிகளிலிருந்து வருகிறது. காரத்தன்மையும் ஃப்ரக்டோஸும் அங்கிருந்துதான். மிச்சம் பெரும்பாலும் புராஸ்டேட் நீர். அது லேசான அமிலம், ஃப்ரக்டோஸ் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பில் அளவின் கீழ் எல்லை 1.4 மில்லி, பி.எச்.சுக்கு 7.2. உங்கள் கணவரின் 0.6 மில்லி, 6.5, ஃப்ரக்டோஸ் நெகட்டிவ் மூன்றையும் சேர்த்துப் படித்தால், கிண்ணத்தில் விழுந்தது ஏறக்குறைய புராஸ்டேட் நீர் மட்டுமே. விந்துப்பைகளின் நீர் வந்து சேரவே இல்லை.

விதையை வேலை செய்யத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 4.8, விதை அளவு நார்மல். இவை இரண்டும் தொழிற்சாலை ஓடுகிறது என்பதற்கு நல்ல அடையாளம். சரக்கு வெளியே வரும் வழிதான் இல்லை. அந்த வழி அடைந்திருக்கிறதா, பிறவியிலேயே இல்லையா என்பதைத்தான் இப்போது பிரித்தறிய வேண்டும்.

திருவான்மியூர்காரர் சொன்ன முனை அடைப்பிலும் விந்து இதே மாதிரிதான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்துக்குழாய் இல்லாதவர்களுக்கும் அச்சாக இதே ரிப்போர்ட்தான் வரும். அவர்களுக்குச் செதுக்கி எடுக்க அடைப்பே இருக்காது.

இதைப் பிரிக்க முதலில் வேண்டியது கைதான், ஸ்கேன் பிறகு. அறை குளிராக இல்லாமல், கணவர் நின்றுகொண்டிருக்க, ஆண் மலட்டுத்தன்மை பார்த்துப் பழகிய யூராலஜிஸ்ட் விதைக்கு மேலே உள்ள கொத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்க்க வேண்டும். விந்துக்குழாய் இருந்தால் பேனா ரீஃபில் போலக் கெட்டியாக, உருண்டையாக, விரலிலிருந்து நழுவும். ரத்தக்குழாய்கள் அமுங்கும், இது அமுங்காது. இரண்டு பக்கமும் அது கிடைக்காவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. அதற்குப் பயாப்சி வேண்டியதில்லை.

விதைப்பை ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்ததை இதற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். விந்துக்குழாயைத் தனியாகத் தேடும்படி கேட்காவிட்டால் அதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இருக்காது.

ஆய்வகமேசை | 9 ஜூன், சற்று நேரம் கழித்து

விட்டுப்போன இரண்டு விஷயங்கள். மாதிரி கொடுக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிந்தினால் அளவு குறையும். ஆனால் ஃப்ரக்டோஸ் முழுவதுமாக இல்லாமல் போகாது, பி.எச். 6.5க்கு இறங்காது. அதனால் இங்கே அந்தச் சந்தேகம் பலவீனமானது.

இரண்டாவது, ஜீரோ என்று எழுதுமுன் ஆய்வகம் மாதிரியைச் சுழற்றியில் வைத்து, அடியில் படிந்ததைத் தேடிப் பார்த்ததா? 3000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுவது வழக்கம். 'சுழற்றிய பிறகும் இல்லை' என்ற வரி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

வேரிகோசீல் ஆபரேஷன்: லேசான வேரிகோசீல் விந்தின் அளவைக் குறைக்காது, ஃப்ரக்டோஸையும் அழிக்காது. இந்த ரிப்போர்ட்டுக்கு அது காரணமே இல்லை. அந்தத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

திருவான்மியூர்காரர் | 9 ஜூன்

சரி, கை பார்க்கட்டும். ஆனால் கையில் குழாய் கிடைத்துவிட்டால் நான் சொன்னதுதானே?

ஆய்வகமேசை | 9 ஜூன்

கிடைத்தால் ஆமாம். அப்போது மலக்குடல் வழி ஸ்கேனில் விந்துப்பைகள் வீங்கியிருக்கும், குறுக்களவு ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டும், சிலருக்கு நடுவில் ஒரு நீர்க்கட்டியும் தெரியும். குழாய் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு விந்துப்பையே இருக்காது, அல்லது சுருங்கிப்போய் இருக்கும். அடைப்பென்றால் பின்னால் தேங்கி வீங்க வேண்டும். வீக்கம் இல்லாத இடத்தில் செதுக்கினால் மிஞ்சுவது காயம் மட்டும்தான்.

ஆய்வகமேசை | 10 ஜூன்

கீழ்க்கட்டளைக்கு. உங்களுக்கு அளவு 2.4 மில்லி, ஃப்ரக்டோஸ் பாசிட்டிவ். வழி திறந்திருக்கிறது, நீர் எல்லாம் வந்து சேர்கிறது. எஃப்.எஸ்.எச். 32 என்பது விதை பதில் சொல்லாததால் பிட்யூட்டரி தொடர்ந்து கத்துகிறது என்று பொருள். உங்களுக்கு அடைப்பு இல்லை, எடுப்பதற்கும் எதுவும் இல்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: விதையின் அளவு எத்தனை மில்லி? குரோமோசோம்களை எண்ணும் கேரியோடைப் பார்த்தார்களா? இப்போது ஏதாவது ஊசி, ஜெல் எடுக்கிறீர்களா?

கீழ்க்கட்டளை | 10 ஜூன்

விதை ரெண்டும் 3 மில்லி, 4 மில்லி. கேரியோடைப் போன மாசம் வந்தது: 47,XXY. டெஸ்டோஸ்டிரோன் 210 இருந்தது. சோர்வாக இருக்கு என்றதும் ஊசி போட ஆரம்பித்தார்கள், மூணு மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு போட்டாச்சு. உடம்பு நல்லா இருக்கு. குழந்தை விஷயத்துக்கு இதுவே மருந்து என்று நினைத்தேன்.

குரோம்பேட்டை_கவுன்சலர் | 11 ஜூன்

குழந்தை வேண்டுமென்றால் அடுத்த ஊசி போடும் தேதிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தவறவிடக் கூடாத தேதி அது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்குள்ளே விந்தணு உருவாவதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் விதையே தயாரித்துக்கொள்வது. ரத்தத்தில் உள்ளதைவிட அது பல மடங்கு செறிவு. ஊசி ரத்தத்தில் உள்ள எண்ணை உயர்த்தும், விதைக்குள்ளிருக்கும் எண்ணை விழச் செய்யும். உடம்பு நன்றாக இருப்பதாக நீங்கள் உணர்வதும், உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச உற்பத்தி நிற்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

உங்கள் 47,XXYக்கு க்ளைன்ஃபெல்டர் என்று பெயர். க்ளைன்ஃபெல்டர் உள்ளவரின் விதையில் பெரும்பாலான நுண்குழாய்கள் தழும்பாகிப் போயிருக்கும். ஆனால் அங்கங்கே தீவுபோல ஒன்றிரண்டு இடத்தில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கலாம். அந்தத் தீவைத் தேடுவதுதான் மைக்ரோ டீசே. விதையைத் திறந்து, 15 முதல் 25 மடங்கு உருப்பெருக்கும் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பின் கீழ், கொஞ்சம் தடித்த, ஒளிபுகாத நுண்குழாய்களைத் தேர்ந்தெடுத்து எடுப்பார்கள். பக்கத்து அறையில் எம்ப்ரியாலஜிஸ்ட் அதைக் கிழித்துத் துருவித் தேடுவார். வெளியாகியுள்ள ஆய்வுத் தொகுப்புகளில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பேருக்கு விந்தணு கிடைத்திருக்கிறது. கண்ணை மூடி ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், தீவுகள் சிறியவை என்பதால்.

இத்தனை நாள் நிறுத்தினால் போதும் என்று சட்டமாகச் சொல்ல முடியாது. உங்களுக்குப் போட்டது மூன்று மாத ஊசி என்றால் அது உடம்பை விட்டுப் போகவே மாதங்கள் ஆகும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். திரும்ப ஏறிவிட்டதா என்று ரத்தம் பார்த்துத்தான் ஆபரேஷன் தேதி வைக்க வேண்டும். இடையில் அனஸ்ட்ரசோல், எச்.சி.ஜி. போன்றவற்றைக் கொடுத்து விதையின் சொந்த டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் கிடைக்கும் வாய்ப்பு உண்மையில் கூடுகிறதா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

கீழ்க்கட்டளை | 11 ஜூன்

இதுவரை யாரும் என்னிடம் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் சொல்லவில்லை. அப்போ ஊசியே கூடாதா?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 11 ஜூன்

கூடாது என்பதில்லை, வரிசைதான் மாற வேண்டும். முதலில் விந்தணு தேடல், கிடைத்தால் உறைய வைப்பு, பிறகு ஊசி. உங்களுக்கு நாளடைவில் டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படவே செய்யும். எலும்பு அடர்த்தி, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அதோடு சேர்ந்தவை. எலும்பு ஸ்கேன் ஒன்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோ டீசேக்குப் பிறகும் உங்களைப் போன்றவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மேலும் கீழே போகும். பெரும்பாலும் மாதங்களில் மீளும், சிலருக்கு முழுவதும் மீளாது. அதனால் 3, 6, 12 மாதங்களில் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷன் செய்தவரே இதை ஏற்பாடு செய்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரம்பூர்வாசி | 15 ஜூன்

வேறு யூராலஜிஸ்ட்டைப் பார்த்தோம். ரெண்டு பக்கமும் குழாய் கைக்குக் கிடைக்கவில்லை என்றார். விதைக்கு மேல் பக்கத்தில், விந்தணு முதிரும் சுருள் குழாயான எபிடிடிமிஸின் தலை மட்டும் லேசாக வீங்கி இருக்காம். ஸ்கேனில் வலது விந்துப்பை இல்லை, இடது ரொம்பச் சிறியது. கிட்னி ரெண்டும் இருக்கு. பயாப்சி ரத்து. விதையின் மேலிருந்து ஊசியால் விந்தணு எடுத்து, முட்டைக்குள் ஒன்றைச் செலுத்தும் இக்ஸி செய்யலாம், கிடைப்பது பிரச்சினையே இல்லை என்றார்.

அப்போ எப்போ ஆரம்பிக்கலாம்? நான் ஊசி போட்டுக்கொள்ள இந்த மாதமே தயார். கிட்னியை எதற்குப் பார்த்தார்கள் என்று மட்டும் புரியவில்லை.

ஆய்வகமேசை | 15 ஜூன்

இந்த மாதம் ஆரம்பிக்காதீர்கள். முதலில் கணவருக்கும், தொடர்ந்து உங்களுக்கும் சி.எஃப்.டி.ஆர். மரபணுப் பரிசோதனை. விந்தணு கிடைப்பது எளிது என்பதாலேயே இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். க்ளைன்ஃபெல்டரில் விந்தணுவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கிடைத்தால், பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு குரோமோசோம் சரியாகவே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நேர்மாறு. விந்தணு ஏராளமாகக் கிடைக்கும். அது சுமந்துவருவதைத்தான் பார்க்க வேண்டும்.

கிட்னி கேள்விக்கு: கருவில் விந்துக்குழாய், விந்துப்பை, எபிடிடிமிஸின் கீழ்ப்பாதி மூன்றும் ஒரே மூலக்குழாயிலிருந்து உருவாகின்றன. கிட்னி உருவாகத் தூண்டும் மொட்டும் அதே குழாயிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த மூலக்குழாயே ஆரம்பத்தில் கெட்டிருந்தால் அந்தப் பக்கக் கிட்னியும் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சி.எஃப்.டி.ஆர். காரணமாக இருப்பதில்லை. உங்கள் கணவருக்கு இரண்டு கிட்னியும் இருக்கின்றன. எனவே மூலக்குழாய் சரியாகக் கிளம்பி, பிறகு உள்ளே சுரப்பு கெட்டியாகிச் சிதைந்திருக்க வேண்டும். அதற்கு முதல் சந்தேகம் சி.எஃப்.டி.ஆர். மேல்தான்.

திருவான்மியூர்காரர் | 16 ஜூன்

சி.எஃப்.டி.ஆர். என்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணு. அது ஐரோப்பியர் நோய். இங்கே பார்ப்பதே அபூர்வம். தம்பதி இருவருக்கும் அந்தப் பரிசோதனை வீண் செலவு.

குரோம்பேட்டை_கவுன்சலர் | 16 ஜூன்

பாதி சரி. ஐரோப்பாவைவிட இங்கே அரிது என்பது சரி. இல்லவே இல்லை என்பது தவறு. இந்தியக் குழந்தைகளிடம் அது கண்டறியப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீங்காத இருமல், எடை ஏறாமை, எண்ணெய் மிதக்கும் மலம் என்று பல வருடம் வேறு பெயர்களில் சிகிச்சை பெற்ற பிறகு தெரியவருவோரும் உண்டு.

மேலும், பேச்சு பொதுமக்களைப் பற்றி அல்ல. குழாயே இல்லாத ஒரு ஆணைப் பற்றி. இவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மரபணுவில் குறைந்தது ஒரு மாற்றமாவது கிடைக்கிறது. இந்தியர்களிடம் F508del என்ற கடுமையான மாற்றம் ஐரோப்பியரைவிடக் குறைவு, 5T என்ற லேசான மாற்றம் அடிக்கடி வருகிறது.

செலவு பற்றிய உங்கள் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பேனல்கள் ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் மாற்றங்களை வைத்துத் தொகுக்கப்பட்டவை. அதில் நெகட்டிவ் வந்தால் நம் ஊர்க்காரருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. அதனால் கணவன், மனைவி இருவருக்கும் இந்த மரபணுவின் முழு வரிசையையும் இப்போதே படித்துவிட வேண்டும் என்பேன்.

ஆய்வகமேசை | 16 ஜூன்

இதில் கவுன்சலருடன் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. கணவருக்கு முழு மரபணு வரிசையும் படிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். மனைவிக்கும் உடனே முழுவதும் என்பதை ஏற்கவில்லை. முதலில் கணவரின் முடிவு வரட்டும். கணவரிடம் கடுமையான மாற்றம் எதுவும் இல்லாமல் 5T மட்டும் வந்தால், மனைவிக்கு அவ்வளவு செலவு தேவையா என்று யோசிக்கலாம்.

குரோம்பேட்டை_கவுன்சலர் | 16 ஜூன்

முழுவதும் படித்தும் கணவரிடம் ஒரு மாற்றம் கண்ணில் படாமல் தப்பலாம். அப்போது மனைவியின் முடிவுதான் ஆபத்தைத் தீர்மானிக்கும். அதனால் மனைவிக்கு முழுமையாகப் பார்ப்பதையே நான் சிபாரிசு செய்வேன். நேரமும் மிச்சம், ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும்.

பெரம்பூர்வாசி, எந்த வழியில் போனாலும் ரத்தம் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை: 5T இருக்கும் பகுதியைப் படிக்கிறீர்களா, அதற்குப் பக்கத்து டி.ஜி. எண்ணிக்கையைத் தருவீர்களா, பெரிய துண்டு இல்லாமல் போயிருந்தால் கண்டுபிடிக்கும் முறை சேர்ந்திருக்கிறதா. பல மரபணுக்களை ஒரே முறையில் படிக்கும் எக்ஸோம் பரிசோதனைகளில் இந்த 5T பகுதி சரியாகப் படிக்கப்படாமல் நழுவுவது உண்டு. ரிப்போர்ட்டில் c.1210-12T[5] என்ற வடிவிலும் வரலாம், பழைய பெயரிலும் வரலாம். குழாய்: இதற்கு ஊதா மூடி. கேரியோடைப்புக்குப் பச்சை மூடி, ஏனென்றால் அங்கே உயிருள்ள செல்களை வளர்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் மறுபடி ஊசி.

கணவருக்கு அடிக்கடி சைனஸ், மூக்கில் சதை, விடாத சளி, கணையத்தில் அழற்சி ஏதாவது இருந்ததா? இருந்தால் வியர்வைக் குளோரைடு பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தைப் பேற்றுக்காக அல்ல, அவர் நுரையீரலுக்காக.

பெரம்பூர்வாசி | 17 ஜூன்

சைனஸ் எப்போதும் உண்டு. ரெண்டு வருஷம் முன்னால் மூக்கில் சதை என்று ஆபரேஷன் செய்திருக்கிறார்! இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாளைக்கு ரத்தம் கொடுக்கிறோம், ரெண்டு பேரும்.

கீழ்க்கட்டளை | 2 ஜூலை

அடுத்த ஊசி போடவில்லை. டாக்டர் கேரியோடைப்பை மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறார். முதல் ரிப்போர்ட்டில் 20 செல் மட்டும் பார்த்தார்களாம். ஏன் மறுபடி?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 2 ஜூலை

சிலருக்கு உடம்பில் 46,XY செல்களும் 47,XXY செல்களும் கலந்திருக்கும். கலப்பு குறைவாக இருந்தால் 20 செல்லில் தட்டாமல் போகலாம், 50 அல்லது அதற்கு மேல் எண்ணினால் தெரியும். கலந்தவர்களில் சிலருக்கு விந்திலேயே ஓரிரு விந்தணு இருக்கும். அதனால் மைக்ரோ டீசே செய்யும் நாளன்றும் காலையில் ஒரு மாதிரி கொடுத்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கிடைத்துவிட்டால் கத்தி தேவைப்படாது.

ஒய் குரோமோசோம் நுண் இழப்புப் பரிசோதனையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ பகுதியோ பி பகுதியோ முழுவதுமாக இல்லாவிட்டால் விந்தணு கிடைக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லி ஆபரேஷனைத் தவிர்த்துவிடுவார்கள். க்ளைன்ஃபெல்டரோடு அது சேர்ந்து வருவது அரிது. ஆனாலும் விதையைத் திறப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

பெரம்பூர்வாசி | 20 ஜூலை

ரிப்போர்ட் வந்துவிட்டது. கணவருக்கு F508del ஒரு பிரதி, 5T ஒரு பிரதி, பக்கத்தில் TG12. டி பகுதி 5T/9T என்று இருக்கிறது. எனக்கு F508del இல்லை, வேறு எந்த நோய் மாற்றமும் இல்லை. ஆனால் 5T ஒரு பிரதி இருக்கு, பக்கத்தில் TG11. இதற்கு என்ன அர்த்தம்? குழந்தைக்கு ஆபத்தா?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 20 ஜூலை

முதலில் கணவரின் படம். F508del அநேகமாக எப்போதும் 9T உள்ள குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் அவருடைய 5T மற்ற குரோமோசோமில் இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. கடுமையான ஒன்று, லேசான ஒன்று. நுரையீரல் பெரும்பாலும் தப்பித்து, விந்துக்குழாய் தப்பிக்காத சேர்க்கை இதுதான். சைனஸும் மூக்குச் சதையும் இதோடு பொருந்துகின்றன. அவர் ஒரு முறை நுரையீரல் மருத்துவரையும் பார்க்கட்டும்.

இப்போது குழந்தை. கணவர் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒன்றைத் தருவார்: F508del அல்லது TG12-5T. நீங்கள் நார்மல் பிரதியையோ TG11-5Tயையோ தருவீர்கள். நான்கு சேர்க்கை, ஒவ்வொன்றும் நான்கில் ஒரு வாய்ப்பு.

F508delஉடன் உங்கள் நார்மல்: குழந்தைக்கு நோய் இல்லை, மாற்றத்தைச் சுமக்கும். TG12-5Tஉடன் உங்கள் நார்மல்: நோய் இல்லை. TG12-5Tஉடன் உங்கள் TG11-5T: ஆண் குழந்தைக்கு விந்துக்குழாய் இல்லாமல் போக ஓரளவு வாய்ப்பு. F508delஉடன் உங்கள் TG11-5T: இதுதான் பேச வேண்டிய சேர்க்கை. டி.ஜி. எண்ணிக்கை 12, 13 என்று கூடக் கூட 5Tயின் தீங்கு கூடுகிறது. 11 என்றால் வெகு குறைவு. கடுமையான மாற்றத்தோடு TG11-5T சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள்.

உங்களிடம் F508del இருந்திருந்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு முழு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வந்திருக்கும். அது இங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றம் உங்களிடம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு சிறிதளவு எப்போதும் மிச்சமிருக்கும், முழு வரிசையும் படித்ததால் அது மிகச் சிறியது.

ஆய்வகமேசை | 21 ஜூலை

கரு நிலையிலேயே பரிசோதித்து வைப்பதா என்று அடுத்து கேட்பார்கள். என் கருத்து: கேட்டால் கொடுக்கலாம், மறைக்கக் கூடாது. F508delஉம் TG11-5Tஉம் சேர்ந்த கருவைத் தவிர்க்க வேண்டும் என்று தம்பதி நினைத்தால் அது அவர்கள் முடிவு.

குரோம்பேட்டை_கவுன்சலர் | 21 ஜூலை

நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கரு பயாப்சிக்கு என்று தனிச் செலவு, சோதனையில் இழக்கும் கருக்கள், அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரும்பாலும் நலமாகவே பிறந்திருக்கும் ஒரு குழந்தையை வேண்டாம் என்பது. 29 வயதில் எத்தனை கரு தேறும் என்பது தெரியாமல் இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பெரம்பூர்வாசி தெரிந்து வைத்துக்கொண்டு, தன் மரபணு ஆலோசகரிடம் இரண்டு வாதத்தையும் வைத்துப் பேசட்டும்.

கீழ்க்கட்டளை | 21 ஜூலை

எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் XXY வருமா? கரு பரிசோதனை எனக்குத் தேவையா?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 22 ஜூலை

விதையில் விந்தணு உருவாகும் தீவுகளில் உள்ள செல்கள் பெரும்பாலும் அந்தக் கூடுதல் எக்ஸை இழந்தவை என்று கருதப்படுகிறது. அதனால்தான் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு குரோமோசோம் சாதாரணமாக இருக்கிறது. பாலியல் குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள விந்தணு சற்று அதிகம் இருக்கும் என்பதால் சில மையங்கள் கரு பரிசோதனையை முன்வைக்கின்றன, சில கட்டாயமில்லை என்கின்றன. குரோமோசோம் கோளாறுக்காகப் பார்க்க 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தில் அனுமதி உண்டு, பதிவு பெற்ற மையத்தில். ஆணா பெண்ணா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மனைவியின் வயது என்ன என்று சொல்லவில்லை. 35க்கு மேல் என்றால் பேச்சு வேறு பக்கம் போகும்.

கீழ்க்கட்டளை | 22 ஜூலை

27.

ஆய்வகமேசை | 23 ஜூலை

பெரம்பூர்வாசி, இக்ஸிக்குப் போகும்போது ஒரு சின்ன விஷயம். கணவரின் விந்தணு எடுப்பதையும் உங்கள் முட்டை எடுப்பதையும் ஒரே நாளில் வைக்காமல், முன்கூட்டியே எடுத்து உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊசியால் எடுப்பது மரப்பு ஊசியோடு சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் ஊடகம் வைத்துக்கொண்டு எபிடிடிமிஸ் தலையில் குத்தி உறிஞ்சுவார்கள். வால் பக்கம் தேங்கிக் கிடப்பவை பழையவை, அசையாது. விதைக்கு அருகே உள்ளவையே அசையும், அவரிடம் இருப்பதும் அந்தப் பகுதிதான். நிறையக் கிடைத்தால் பல குப்பிகளாகப் பிரித்து உறைய வைக்கச் சொல்லுங்கள், ஒரே குப்பியில் அல்ல. ஒவ்வொரு முறையும் முழுவதையும் உருக்க வேண்டியிருக்காது, அடுத்த குழந்தைக்கும் மறுபடி குத்த வேண்டியிருக்காது.

கர்ப்பப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் சிகிச்சையை யாராவது மலிவு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த விந்தணுக்கள் எபிடிடிமிஸ் முழுவதும் பயணித்து முதிர்ந்தவை அல்ல. முட்டைக்குள் ஒன்றைச் செலுத்துவதுதான் வழி.

பெரம்பூர்வாசி | 24 ஜூலை

முன்கூட்டியே உறைய வைக்க ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்று கேட்க வேண்டும். கணவரின் தம்பிக்கு இப்போதுதான் பெண் பார்க்கிறார்கள். அவருக்கும் சொல்ல வேண்டுமா?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 24 ஜூலை

சொல்லுங்கள், ஆனால் கணவரே சொல்லட்டும். தம்பிக்கும் அதே இரண்டு பிரதியும் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, F508del மட்டும் வந்திருக்க இன்னொரு கால் பங்கு. அவருக்கு முழு மரபணுவும் படிக்க வேண்டியதில்லை, கணவரின் இந்த இரண்டு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், விலை குறைவு. விந்துக்குழாய் இருக்கிறதா என்று கையால் பார்க்க யூராலஜிஸ்ட்டிடம் ஒரு முறை போனாலே போதும். கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

திருவான்மியூர்காரர் | 25 ஜூலை

தம்பி விஷயத்தில் ஒரு கேள்வி. குழாய் கைக்குக் கிடைத்துவிட்டால் மரபணுப் பரிசோதனையை விட்டுவிடலாமா?

குரோம்பேட்டை_கவுன்சலர் | 25 ஜூலை

விட முடியாது. F508del மட்டும் சுமப்பவருக்குக் குழாய் இருக்கும், விந்தணு எண்ணிக்கையும் நார்மலாகவே வரும். அவருடைய மனைவியும் ஒன்றைச் சுமந்தால்தான் பிரச்சினை. அதற்கு ரத்தம்தான் பதில் சொல்லும்.